ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? சர்வே, மைக்ரோடாஸ்க், ரிவார்டு ஆப் தரும் உண்மையான கூலி

கேள்விகளுக்குப் பதில் சொன்னால் பணம் தரும் சர்வே தளங்கள், சின்ன வேலைகளைத் துண்டு துண்டாகக் கொடுக்கும் மைக்ரோடாஸ்க் தளங்கள், விளம்பரம் பார்த்தாலோ விளையாடினாலோ பாயிண்ட் தரும் ரிவார்டு ஆப்கள் ஆகிய மூன்றும் ஒரே மாதிரியான விலைச்சீட்டைத்தான் காட்டுகின்றன: இன்ன வேலை, இத்தனை நிமிடம், இவ்வளவு பணம். திரையில் ‘15 நிமிடம், 50 ரூபாய்’ என்று இருந்தால் மணிக்கு 200 ரூபாய் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடும். அந்த 15 நிமிடம், வேலை தொடங்கி, தடையில்லாமல் முடிந்து, ஏற்கப்பட்டும் விட்ட ஒரு நல்ல தருணத்தின் அளவு மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் போகும் நேரம் சீட்டில் இல்லை. சவாரி ஏறிய பிறகே மீட்டர் ஓடுகிறது. ஸ்டாண்டில் காத்திருந்த நேரம் ஆட்டோக்காரர் கணக்கில்தான் சேரும். இந்த வேலைகளின் கூலியும் அப்படியே. எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த பணத்தை, திரை முன் உட்கார்ந்த மொத்த நேரத்தால் வகுத்தால் என்ன வருகிறது?

பணம் எங்கிருந்து வருகிறது

ஒரு சோப்பு நிறுவனமோ வங்கியோ தன் வாடிக்கையாளர்களின் எண்ணத்தை அறிய விரும்பி, சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் வேலையைக் கொடுக்கிறது. ஆய்வு நிறுவனம் கேள்விகளைத் தயாரிக்கும். பதில் சொல்லும் ஆட்களைத் தானே தேடாது. அதற்கென்றே சந்தைகள் இருக்கின்றன. சுவீடனைச் சேர்ந்த சின்ட் போன்ற நிறுவனங்கள், உலகெங்கும் உள்ள சர்வே தளங்களின் உறுப்பினர்களை ஒரே இடத்தில் திரட்டி, ‘முடிந்த சர்வே ஒன்றுக்கு இவ்வளவு’ என்று விற்கின்றன. அந்தச் சந்தையிலிருந்து சர்வே ஒரு ரிவார்டு தளத்துக்கு வருகிறது. தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பாயிண்டாக உறுப்பினருக்குத் தருகிறது. நாலு கை மாறி வரும் பணம் இது. பதில் சொல்பவர் இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

சங்கிலி நீளம் என்பதைவிட முக்கியமானது, பணம் எதற்குத் தரப்படுகிறது என்பது. முடிந்த சர்வேக்கு மட்டுமே வாங்குபவர் பணம் தருகிறார். அவருக்கு எல்லோரும் தேவையில்லை. கடந்த ஆறு மாதத்தில் கார் காப்பீடு எடுத்த, 30 முதல் 45 வயதுக்குள் இருக்கும், பெருநகரத்துப் பெண்கள் மட்டும் வேண்டும் என்று அவர் கேட்கலாம். பத்துப் பேரில் ஒருவர்தான் அந்த வரையறைக்குள் வருவார் என்றால், ஒரு முழு சர்வேயைப் பெற பத்துப் பேரிடம் தொடக்கக் கேள்விகளைக் கேட்டாக வேண்டும். ஒன்பது பேர் வயது, வருமானம், பின்கோடு, வீட்டில் உள்ள வண்டிகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ‘மன்னிக்கவும், இந்த சர்வே உங்களுக்குப் பொருந்தவில்லை’ என்ற வரியோடு வெளியேற்றப்படுவார்கள். இதற்கு ஸ்க்ரீன் அவுட் என்று பெயர். இந்த ஒன்பது பேரின் நேரத்துக்கு அந்தச் சங்கிலியில் யாருமே விலை கொடுப்பதில்லை. சில தளங்கள் ஆறுதலாக ஒரு ரூபாய்க்குச் சமமான பாயிண்ட் தருகின்றன. பல தளங்கள் அதுவும் தருவதில்லை. சர்வேயின் மணிக் கூலி விலைச்சீட்டை விட்டு விலகுவதற்கு முதல் காரணம் இதுதான்.

வேறொரு தடையும் உண்டு. தகுதி பொருந்தினாலும், அந்த வயதுப் பிரிவில் வேண்டிய எண்ணிக்கை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் ‘கோட்டா முடிந்தது’ என்று கதவு மூடிவிடும். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது நிரம்பலாம். அப்படியானால் பாதி வழியில் வெளியேற்றம். அதன் பிறகு தளம் தானாகவே அடுத்த சர்வேக்கு அனுப்பும். அங்கே மீண்டும் வயது, பாலினம், பின்கோடு. தளத்தில் பதிவு செய்தபோதே கொடுத்த விவரங்களை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று பலர் சலித்துக்கொள்வதுண்டு. ஒவ்வொரு வாங்குபவரும் தனித்தனியாகச் சரிபார்ப்பதே காரணம். முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் முரண் இருந்தால் அந்த உறுப்பினர் நம்பத் தகாதவர் என்று குறிக்கவும் அதே கேள்விகள் பயன்படுகின்றன.

ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம்

நடைமுறையில் இது எப்படி அமைகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, அடுத்தடுத்து நடப்பவை எந்த சர்வே தளத்திலும் காணக்கூடியவை.

கல்லூரி மாணவி ஒருவர் மாலை 7 மணிக்குத் தளத்தைத் திறக்கிறார். முதல் சர்வேயில் நாலு நிமிடம் கழித்து வெளியேற்றம். இரண்டாவதில் ஆறு நிமிடம்; ஆறுதலாக ஒரு ரூபாய். மூன்றாவதில் ஒன்பது நிமிடம் பதில் சொன்ன பிறகு கோட்டா முடிந்துவிடுகிறது. நான்காவது கைகூடுகிறது. ‘15 நிமிடம், 50 ரூபாய்’ என்று காட்டியது உண்மையில் 22 நிமிடம் எடுக்கிறது. ஒவ்வொரு பிராண்டையும் பத்து அளவுகோலில் மதிப்பிடச் சொல்லும் நீண்ட கட்டங்கள், இடையில் ஒரு வீடியோ, மெதுவான இணையம். ஆனாலும் 50 ரூபாய் வரவு. ஐந்தாவதில் மூன்று நிமிடத்தில் வெளியேற்றம். ஆறாவதை 11 நிமிடத்தில் முடித்து 20 ரூபாய். ஏழாவது கடைசிப் பக்கம் வரை, அதாவது 12 நிமிடம் ஓடி, தரச் சோதனையில் தேறவில்லை என்று நின்றுவிடுகிறது.

பதில் சொன்ன நேரம் மட்டும் 67 நிமிடம். உள்ளே நுழைவது, ஓடிபி, ‘நான் ரோபோ இல்லை’ சோதனை, பட்டியலைப் புரட்டிப் பார்ப்பது, ஒரு சர்வேயிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடைவெளிகள் எல்லாம் சேர்ந்து 23 நிமிடம். ஆக ஒன்றரை மணி நேரம். கையில் 71 ரூபாய். மணிக்கு 47 ரூபாய்க்குச் சற்று மேல். விலைச்சீட்டு சொன்ன 200 ரூபாயில் கால் பங்குகூட இல்லை.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. ஆய்வு நிறுவனம் வந்த பதில்களைப் பின்னர் சலித்துப் பார்க்கும். அவசரமாகப் பதில் சொன்னவர், எல்லா வரிசையிலும் ஒரே கட்டத்தைத் தட்டியவர், ‘கவனமாகப் படிக்கிறீர்கள் என்பதைக் காட்ட மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கவும்’ போன்ற பொறிக் கேள்வியில் தவறியவர் ஆகியோரின் பதில்களைத் தள்ளிவிட்டு, அவற்றுக்குப் பணம் தர மறுக்கும். சில வாரம் கழித்து உறுப்பினரின் கணக்கில் அந்தப் பாயிண்ட் திரும்ப எடுக்கப்படும். ஆறாவது சர்வேயின் 20 ரூபாய் அப்படிப் போனால் மிச்சம் 51. மணிக்கு 34 ரூபாய். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமானால், தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2025-26 நிதியாண்டில் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய்.

இந்த மாணவிக்கு இன்னும் பணம் வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பாயிண்ட் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தொட்ட பிறகுதான் பணமாக மாற்ற முடியும். எல்லை 500 ரூபாய் என்றால், இதே வேகத்தில் அதை எட்ட ஏறக்குறைய 15 மணி நேர உழைப்பு தேவை. 350 ரூபாயில் சலித்துப்போய் விட்டுவிட்டால் அவருடைய மணிக் கூலி பூஜ்யம். சில மாதம் உள்ளே வராத கணக்குகளின் பாயிண்ட்களைக் காலாவதி ஆக்கும் விதியும் பல தளங்களில் இருக்கிறது. எத்தனையோ பேர் சேர்த்து வைத்துவிட்டு எடுக்காமல் போன பாயிண்ட், தளத்துக்கு லாபமாகவே முடிகிறது.

நாடும் கூலியைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கக் குடும்பங்களின் கருத்தை வாங்க அங்குள்ள நிறுவனங்கள் நல்ல விலை தருகின்றன. பதில் சொல்ல முன்வருவோர் அங்கே ஒப்பீட்டளவில் குறைவு. இந்தியாவில் முன்வருவோர் ஏராளம், இந்தியர்களைத் தேடும் சர்வேக்கள் குறைவு. அமெரிக்காவில் இருப்பதுபோல் காட்ட விபிஎன் பயன்படுத்தும்படி யூடியூப் வீடியோக்களில் யோசனை சொல்கிறார்கள். சர்வே சந்தைகள் ஐபி முகவரியையும் சாதனத்தின் அடையாளங்களையும் சோதிக்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கி, சேர்த்த பாயிண்ட் அனைத்தையும் பறித்துக்கொள்ளும். அதுவும் பெரும்பாலும் பணம் எடுக்கக் கேட்கும் நேரத்தில்தான் நடக்கும். ஏனெனில் முழுச் சரிபார்ப்பு அப்போதுதான்.

மைக்ரோடாஸ்க்: அளந்து பார்த்த ஆய்வுகள்

சர்வேயைக் காட்டிலும் மைக்ரோடாஸ்க் வேலையின் கூலி துல்லியமாக அளக்கப்பட்டிருக்கிறது. அமேசான் 2005-இல் தொடங்கிய மெக்கானிக்கல் டர்க் தளம் இத்துறையின் முன்னோடி. படத்தில் இருப்பது என்ன என்று குறிப்பது, ரசீதில் உள்ள எண்களைத் தட்டச்சு செய்வது, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கேள்வித்தாளை நிரப்புவது எனச் சில நொடியோ சில நிமிடமோ பிடிக்கும் வேலைகள் அங்கே கிடைக்கும். அமெரிக்கர்களுக்கு அடுத்தபடியாக இந்தியர்கள் அதிகம் உழைத்த தளம் அது.

2018-இல் கோட்டாரோ ஹாரா தலைமையிலான ஆய்வாளர் குழு, 2,676 தொழிலாளர்கள் செய்த 38 லட்சம் டாஸ்க்குகளின் பதிவை ஆராய்ந்தது. தொழிலாளர்களின் உலாவியில் நிறுவிய ஒரு நிரல், வேலையை எப்போது எடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்பதைப் பதிந்திருந்தது. அவர்கள் நினைவிலிருந்து சொன்ன மதிப்பீடு இல்லை இது. முடிவு: நடுநிலைத் தொழிலாளியின் கூலி மணிக்கு சுமார் 2 டாலர். அமெரிக்கக் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு நாலு பேர் மட்டுமே. அடுத்த ஆண்டு இதே குழுவினர் நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அமெரிக்காவில் இருப்பவர்களின் சராசரி 3.01 டாலர், இந்தியாவில் இருப்பவர்களின் சராசரி 1.41 டாலர் என்று வந்தது. பதிவுகள் திரட்டப்பட்ட காலத்து மதிப்பில் இது மணிக்கு நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

ஆய்வில் வெளிப்பட்ட இன்னொரு விஷயம் கூலி ஏன் இவ்வளவு தாழ்கிறது என்பதைக் காட்டுகிறது. வேலை கொடுப்பவர்களைத் தனித்தனியாகப் பார்த்தால் அவர்களின் சராசரி மணிக்கு 11 டாலருக்கு மேல் இருந்தது. ஆனால் நல்ல கூலி தருபவர்கள் போடும் வேலை கொஞ்சம்; மிகக் குறைந்த கூலி தருபவர்களே மலைபோல் குவிக்கிறார்கள். நல்ல வேலை தளத்தில் தோன்றிய சில நொடியில் யாராவது எடுத்துவிடுவார்கள். மிச்சமிருப்பதில்தான் பெரும்பாலோரின் நாள் கழிகிறது. அத்துடன், தேடும் நேரமும், எடுத்துப் பார்த்துவிட்டு முடியாது என்று திருப்பிக் கொடுத்த வேலைகளின் நேரமும், செய்து முடித்தும் நிராகரிக்கப்பட்ட வேலைகளின் நேரமும் கூலியை இன்னும் அரித்தன.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே வேறு வழியில் சொல்கிறது. ஐந்து ஆங்கிலத் தளங்களில் உழைக்கும், 75 நாடுகளைச் சேர்ந்த 3,500 பேரிடம் அந்த அமைப்பு விசாரித்தது. கூலி கிடைத்த நேரத்தை மட்டும் எண்ணினால் 2017-இல் சராசரி மணிக்கு 4.43 டாலர். கூலியில்லா நேரத்தையும் சேர்த்தால் 3.31 டாலர். நடுநிலைத் தொழிலாளியை எடுத்தால் 2.16 டாலர்தான். கூலி வேலை ஒரு மணி நேரம் என்றால், அதற்காகக் கூலியில்லாமல் 20 நிமிடம் போகிறது. பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, கொடுத்த வேலை தள்ளப்பட்டோ கூலி மறுக்கப்பட்டோ போன அனுபவம் உள்ளவர்கள்.

நிராகரிப்பு என்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். மெக்கானிக்கல் டர்க்கில் வேலை கொடுத்தவர் ‘சரியில்லை’ என்று சொல்லிக் கூலியை மறுத்துவிட்டு, செய்த வேலையை வைத்துக்கொள்ளவும் முடியும். கூலி இழப்போடு, தொழிலாளியின் ஏற்பு விகிதமும் குறையும். நல்ல கூலி தரும் பலர், 95 விழுக்காட்டுக்கு மேல் ஏற்பு உள்ளவர்களுக்கே வேலையைத் திறக்கிறார்கள். ஆகவே, புதிதாகச் சேர்ந்தவர் தொடக்கத்தில் வாங்கும் பத்து நிராகரிப்பு, நல்ல வேலைகளை நெடுநாள் அவர் கண்ணிலேயே காட்டாமல் செய்துவிடும். இந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் லில்லி இரானி, சிக்ஸ் சில்பர்மன் ஆகிய இருவரும் டர்காப்டிகான் என்ற கருவியை உருவாக்கினார்கள். கூலியை ஒழுங்காகத் தருபவர் யார், காரணமின்றி நிராகரிப்பவர் யார் என்பதைத் தொழிலாளர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அது வழி செய்தது. அதிகம் சம்பாதிப்பவர்கள் விரல் வேகத்தால் சம்பாதிப்பதில்லை. எந்த வேலையைத் தொடக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதன் மிகக் கீழான படி கேப்ச்சா தட்டச்சு. தெளிவில்லாத எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் இந்த வேலைக்கு, ஆயிரம் கேப்ச்சாவுக்கு அரை டாலர் வரை கூலி இறங்கியிருப்பதை 2010-இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒன்றுக்குப் பத்து நொடி என்று வைத்தாலும் ஆயிரம் முடிக்கக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும்.

கூலி கீழேதான் போகும் என்பது இத்துறையின் விதி ஒன்றும் இல்லை. தளம் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் 2014-இல் தொடங்கிய புரொலிஃபிக், ஆய்வாளர்கள் மணிக்கு 6 பவுண்டு அல்லது 8 டாலருக்குக் குறைவாகத் தரக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. பங்கேற்பவரின் விவரங்களை முன்கூட்டியே வாங்கிவைத்து, பொருந்துபவருக்கு மட்டும் ஆய்வைக் காட்டுகிறது. அதனால் பாதியில் துரத்தப்படுவது வெகுவாகக் குறைகிறது. ஆனால் சேர விரும்புபவர் காத்திருப்புப் பட்டியலில் நிற்க நேரும். சேர்ந்த பிறகும் நாள் முழுக்க வேலை இருக்காது. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவிலிருந்து கிளைத்த கார்யா என்ற அமைப்பு, கன்னடம் போன்ற இந்திய மொழிகளில் பேச்சுப் பதிவு செய்யும் கிராமத்து மக்களுக்கு மணிக்கு சுமார் 5 டாலர் தருவதாக 2023-இல் செய்திகள் வந்தன. அந்தப் பேச்சு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. கொடுப்பவரும் கூலியை மேலே வைக்கவேண்டும் என்ற கொள்கையோடு தொடங்கியவர். இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த விலை.

ரிவார்டு ஆப்: உச்சவரம்பு எங்கே

விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொல்லும் ஆப்பின் கூலியை, அதை நிறுவாமலேயே கணக்கிடலாம். விளம்பரத்துக்குக் கிடைக்கும் பணம் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்ற அளவில்தான் பேசப்படுகிறது. இந்தியப் பார்வையாளர் ஆயிரம் பேருக்கு 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாய் என்றால் 170 ரூபாய். ஆப் நடத்துபவர் பாதியைத் தருகிறார் என்றால் பார்ப்பவருக்கு ஆயிரம் விளம்பரத்துக்கு 85 ரூபாய். ஒரு விளம்பரம் 30 நொடி. அது ஏறுவதற்கும் மூடுவதற்கும் இன்னும் 10 நொடி. மணிக்கு 90 விளம்பரம் பார்க்கலாம். கூலி 7 ரூபாய் 65 காசு. தாராளமாக 5 டாலர் என்று வைத்து, ஆப் தனக்கென ஒரு காசும் எடுக்காமல் முழுவதையும் தந்தாலும் மணிக்கு 38 ரூபாய்க்குச் சற்று மேல்தான் வரும். ஒருவருக்கு ஒரு நாளில் காட்ட அத்தனை விளம்பரமும் இருக்காது.

இந்த உச்சவரம்பு தெரிந்தால், தினமும் சில விளம்பரம் பார்த்தால் நூற்றுக்கணக்கில் ரூபாய் தருவதாகச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் எடைபோடலாம். விளம்பரத்திலிருந்து அந்தப் பணம் வர வழியே இல்லை; வேறெங்கிருந்தோ, பெரும்பாலும் புதிதாகச் சேர்பவர் கட்டும் கட்டணத்திலிருந்து, வர வேண்டும். 2024 ஜனவரியில் கோவையில் அப்படி உறுப்பினர் கட்டணத்தோடு இயங்கிய விளம்பர ஆப் நிறுவனம் ஒன்றின் மீது காவல்துறை வழக்குப் பதிந்தபோது, அதன் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நிறுவனத்துக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. கூட்டத்தின் அளவு காட்டுவது, வீட்டிலிருந்தபடி ஒரு வருமானத்துக்குத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் ஏங்குகிறார்கள் என்பதை. அந்த ஏக்கத்தை யாரும் ஏளனம் செய்யக் கூடாது. அதன் முன் இந்த எளிய கணக்கை வைப்பதே உதவி.

கேம் விளையாடினால் பணம் என்ற வகை சற்றே வேறுபட்டது. ஒரு கேம் நிறுவனம் புதிய ஆட்டக்காரர்களைப் பெற ரிவார்டு ஆப்புக்குப் பணம் தருகிறது. ‘கேமை நிறுவி 40-ஆம் நிலையை எட்டினால் 900 ரூபாய்’ என்பது போல அறிவிப்பு வரும். தொகை பொய்யில்லை. ஆனால் அது படிகளாகப் பிரிந்திருக்கும்: முதல் நாளில் எட்டும் நிலைகளுக்குச் சில ரூபாய், கடைசி நிலைக்குப் பெருந்தொகை. நடு நிலைகளுக்குப் பிறகு ஆட்டம் வேண்டுமென்றே மெதுவாகும். காசு கொடுத்து வேகத்தை வாங்கத் தூண்டும். கெடு 20 நாளோ 30 நாளோ இருக்கும். பெரும்பாலோர் சிறு தொகைகளோடு நின்றுவிடுவார்கள் என்பதை வைத்துத்தான் அந்தப் பெருந்தொகையே நிர்ணயிக்கப்படுகிறது. அதோடு, நிறுவியது ரிவார்டு ஆப் வழியாகத்தான் என்பதை இடையிலுள்ள கண்காணிப்பு மென்பொருள் பதிவு செய்ய வேண்டும். முன்பே ஒருமுறை அந்த கேம் போனில் இருந்திருந்தாலோ, விளம்பர அடையாள எண்ணை நிறுத்திவைத்திருந்தாலோ பதிவாகாது, பணமும் வராது. முதல் சிறு படி முடிந்ததும் வரவு வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவது நேரத்தைக் காக்கும்.

கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் இவற்றில் விதிவிலக்கு. நாலைந்து கேள்வி, அரை நிமிடம், சில ரூபாய். மணிக் கணக்கில் பார்த்தால் எல்லாவற்றையும்விட நல்ல கூலி. ஆனால் கேள்வி எப்போது வரும் என்பது கூகுள் கையில் இருக்கிறது. சில வாரங்களுக்கு ஒன்றும் வராமலும் போகலாம். ஆண்ட்ராய்டில் கிடைப்பது பிளே ஸ்டோரில் மட்டும் செல்லும் கிரெடிட்; ஓராண்டில் அது காலாவதியாகும். ஆப் வாங்கும் பழக்கம் உள்ளவருக்கு அது பணம்; மற்றவர்களுக்கு இல்லை.

பாயிண்ட் என்ற நாணயமே கணக்கை மறைக்க வல்லது. ஸ்வாக்பக்ஸ் தளத்தில் 100 எஸ்பி ஒரு டாலர், அது எளிது. ஆயிரம் காயின் ஒரு ரூபாய் என்ற ஆப்களில் ‘5,000 காயின் வென்றீர்கள்’ என்று திரை மின்னும்போது கிடைத்தது ஐந்து ரூபாய். டாலரில் தரும் தளமாக இருந்தால் பேபால் வழியாக வங்கிக்கு வரும்போது நாணய மாற்று விகிதத்திலும் ஒரு பகுதி கழியும்.

உண்மைக் கூலியை அறிய விரும்புபவருக்குப் போனின் ஸ்டாப்வாட்சும் ஒரு தாளும் போதும். ஆப்பைத் திறக்கும் கணத்தில் கடிகாரத்தை ஓடவிட்டு, மூடும்போது நிறுத்த வேண்டும். வெளியேற்றப்பட்ட சர்வே, காத்திருந்தது, குறை சொல்லி மின்னஞ்சல் எழுதியது எல்லாம் அதற்குள் அடங்கும். வரவுப் பக்கத்தில் பாயிண்டை எழுதக் கூடாது. வங்கிக்கோ யூபிஐக்கோ வந்த ரூபாயை மட்டும் எழுத வேண்டும். பத்து மணி நேரம் சேர்ந்ததும் வகுத்துப் பார்த்தால் போதும். முதல் நாளை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். சேர்ந்ததற்கான போனஸும், விவரம் நிரப்பியதற்கான பாயிண்ட்டும் அந்த ஒரு நாளோடு சரி, திரும்ப வராது.

கூலியே இல்லாத டாஸ்க்

மேலே சொன்ன தளங்கள் கொஞ்சமாகத் தருகின்றன, ஆனால் தருகின்றன. இதே பெயரைச் சூட்டிக்கொண்டு வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் ‘பார்ட் டைம் டாஸ்க்’ முழு மோசடி. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால், ஒரு ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் தந்தால் 50 ரூபாய் என்று தொடங்கும். முதல் நாள் 150, 200 ரூபாய் உண்மையாகவே கணக்குக்கு வரும். அது தூண்டிலில் வைத்த புழு. பிறகு ஒரு குழுவில் சேர்ப்பார்கள். அங்கே பலர் லாபம் எடுத்ததாக ஸ்க்ரீன்ஷாட் போடுவார்கள். அடுத்து ‘ப்ரீபெய்டு டாஸ்க்’: ஆயிரம் கட்டினால் 1,300 திரும்பும். அதுவும் ஒருமுறை திரும்பும். தொகை பத்தாயிரம், ஐம்பதாயிரம் என்று ஏறிய பிறகு, போலி இணையதளத்தில் லாபம் எண்ணாகத் தெரியும். எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கை விடுவிக்கக் கட்டணம் கட்டு என்பார்கள். 2023 டிசம்பரில் உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரையில் இத்தகைய முதலீட்டு, பகுதிநேர வேலை மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேல் முடக்கப்பட்டன.

டேட்டா என்ட்ரி வேலை என்ற பெயரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, படிக்கவே முடியாத பக்கங்களைத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி அபராதம் கேட்டு மிரட்டுவார்கள். பயந்து கட்டுபவர்களை வைத்துத்தான் அந்தத் தொழில் நடக்கிறது. கட்டத் தேவையில்லை.

உண்மையான சர்வே தளமோ மைக்ரோடாஸ்க் தளமோ வேலை தருவதற்குப் பணம் கேட்காது. கூலி தர ஓடிபி கேட்காது. தன் பணத்தைப் பெற்று வேறொருவருக்கு அனுப்ப உறுப்பினரின் வங்கிக் கணக்கைக் கடன் கேட்காது. கடைசியாகச் சொன்னது மிக ஆபத்தானது. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால், கணக்கு முடக்கப்படுவதோடு, காவல்துறையின் விசாரணையும் கணக்குக்குரியவர் மீதே வரும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடுவதற்குள் வங்கி அதை நிறுத்திவைக்க வேண்டும் என்பதால், முதல் சில மணி நேரத்தில் வரும் புகாருக்கே மீட்கும் வாய்ப்பு அதிகம். யூபிஐ பரிவர்த்தனை எண்கள், உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட்கள், குழுவின் பெயர், பணம் போன கணக்கின் விவரம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்து புகாரோடு தர வேண்டும்.